ஒன்பதாம் மாதமும் இரவு 9.40 அழுகையும்

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு இரண்டு படுக்கையறை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா இருவருக்கும் ஐ.டி. வேலை. பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்து ஒரு வாரம். இரவு 8.45க்கு அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். பத்து நிமிடம் பொறுத்து, அவள் தலைக்குக் கீழே இருக்கும் கையை மெல்ல உருவிக்கொண்டு அம்மா எழுந்து வருகிறார். கதவைச் சாத்திவிட்டு ஹாலில் லேப்டாப்பைத் திறக்கிறார். 9 மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். 9.40க்கு அறைக்குள்ளிருந்து வீறிட்டு ஓர் அழுகை. அப்பா ஓடிப்போய்த் தூக்குகிறார். அழுகை நிற்பதற்குப் பதில் இன்னும் ஏறுகிறது. அவர் தோளுக்கு மேலே எட்டி எட்டிக் கதவையே பார்க்கிறாள். அம்மா மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டால் அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறாள். ஆனால் அம்மாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்த கை மட்டும் தளரவே மாட்டேன் என்கிறது. அதன் பிறகு 12 மணிக்கு, 2 மணிக்கு, 3.30க்கு, 5 மணிக்கு இதே கதை.

மூன்று மாதம் முன்புவரை இதே குழந்தை யார் தோளில் போட்டாலும் தூங்கியவள். அதனால்தான் வீட்டில் ஆளுக்கொரு காரணம் கிளம்புகிறது. "பல்லு முளைக்குது" என்பார் ஒருவர். "புள்ள எதையோ பார்த்துப் பயந்திருக்கு, சுத்திப் போடு" என்பார் ஊரிலிருந்து பாட்டி. பால் பத்தவில்லை, ஃபார்முலா கொடு என்று பக்கத்து ஃப்ளாட். சுற்றிப்போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் உரம் எடுக்கிறேன் என்று குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதும் குலுக்குவதும் வேண்டவே வேண்டாம்.

இதற்குச் சரியான பேரை நம் ஊர்க் கிழவிகள் பாதி சொல்லிவைத்திருக்கிறார்கள்: வேத்துமுகம். புதிய முகத்தைக் கண்டு அழுவது வேத்துமுகம். அதன் மறுபாதி, தெரிந்த முகம் கண்ணை விட்டு மறைந்தால் அழுவது. இரண்டும் அநேகமாக ஒரே பருவத்தில், ஆறேழு மாதத்துக்கு மேல் தலைகாட்டும். பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டியோ அதற்குப் பிறகோ உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வயதுக்குள் கரைந்துவிடும்.

ஏன் இந்த மாதத்தில் என்பதைக் கைக்குட்டையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். நாலு மாதக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிலுகிலுப்பையைத் துணியால் மூடினால் அது வேறு பக்கம் திரும்பிவிடும். ஒன்பது மாதக் குழந்தை துணியை இழுத்துத் தள்ளிவிட்டு எடுக்கும். மறைந்த பொருள் எங்கேயோ இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு தேடும் இந்த வேலையை, எட்டு மாத வாக்கில் தொடங்குவதாக ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே எழுதினார். அதைவிட முன்பே அந்த அறிவின் சாயல் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அது இருக்கட்டும். நமக்குத் தேவையானது இதுதான்: அம்மா கண்ணில் படாதபோதும் எங்கேயோ இருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. போனவள் திரும்பி வருவாள், எப்போது வருவாள் என்பது இன்னும் தெரியவில்லை. இந்த இரண்டு அறிவுக்கும் நடுவே இருக்கும் சில மாத இடைவெளியில்தான் அழுகை வருகிறது. குழந்தை கெட்டுப்போகவில்லை, பிடிவாதம் கற்றுக்கொள்ளவும் இல்லை.

சரி, அது ஏன் 9.40? இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் குழந்தை அரைகுறையாக விழித்து, புரண்டு, மறுபடி ஆழ்ந்துபோகும். பெரியவர்களும் இப்படித்தான் விழிக்கிறோம், காலையில் நினைவிருப்பதில்லை. தூங்கும்போது இருந்த நிலைமையே விழிக்கும்போதும் இருந்தால் குழந்தை அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 8.45க்கு வாயில் பால், முகத்தில் அம்மா மூச்சு, கையில் சட்டைத் துணி. 9.40க்கு இருட்டு, மெத்தை, யாரும் இல்லை. நீங்கள் கட்டிலில் படுத்துத் தூங்கி, நடுவில் புரண்டால் சமையலறைத் தரையில் கிடப்பது போலத்தான். அதிலும் பின்னிரவில் ஆழ்ந்த தூக்கம் குறைந்து மேலோட்டமான தூக்கம் கூடும். அதனால்தான் 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே விழிப்பு நெருங்கி நெருங்கி வருகிறது.

ஆக, சிக்கல் 9.40இல் இல்லை, 8.55இல் இருக்கிறது. தூங்கிய பிறகு நழுவி வருவது என்பது பகலில் செருப்பை ஒளித்துவைத்துவிட்டுக் கொல்லைப்புறமாக வேலைக்குக் கிளம்புவது மாதிரிதான். இரண்டிலும் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கண் அசந்தால் அம்மா போய்விடுவாள். அப்படிக் கற்றுக்கொண்ட குழந்தை கண் அசர மறுக்கும். கொட்டாவி விட்டுக்கொண்டே, கண்ணைக் கசக்கிக்கொண்டே, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும்.

முதலில் பசியா, வலியா, பிரிவா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு நாலு நாள் இரவு, ஃபோனில் நேரத்தை மட்டும் குறித்துவையுங்கள்: எப்போது எழுந்தாள், யார் போனார்கள், எதனால் அடங்கினாள். பிரிவு அழுகை தூக்கியதும் குறையும், படுக்கவைத்ததும் முழு வேகத்தில் திரும்பும். ஆளைப் பொறுத்தும் மாறும். வலி அழுகை யார் தூக்கினாலும் முழுதாக அடங்காது. காதில் சீழ் பிடித்திருந்தால் நிமிர்த்தி வைத்திருக்கும்போது கொஞ்சம் பரவாயில்லாமலும், படுக்கவைத்தால் மோசமாகவும் இருக்கும். கூடவே சளி, காய்ச்சல், பகலிலும் சிணுங்கல் இருக்கும். பிரிவு அழுகைக்காரி பகலில் நன்றாகச் சாப்பிட்டு, சிரித்து, தவழ்ந்து திரிவாள்.

பசியைக் கண்டுபிடிக்கக் காது போதும். இரவில் பால் கொடுக்கும்போது தொண்டையில் மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் ஏழெட்டு நிமிடம் தொடர்ந்து கேட்டால் குழந்தைக்கு உண்மையிலேயே பசி. ஒரு நிமிடம் விழுங்கிவிட்டுப் பிறகு உதடு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டு, எடுத்தால் அழுவாள் என்றால் அவளுக்கு வேண்டியது ஆள்.

வேலைக்குத் திரும்பிய அம்மாக்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து ஆபீஸ் போகத் தொடங்கிய பிறகு, சில குழந்தைகள் பகலில் பாட்டிலையோ பாலாடையையோ தொட்டும் தொடாமலும் இருந்துவிட்டு, பகல் கணக்கை இரவில் அம்மாவிடம் தீர்த்துக்கொள்வார்கள். அப்போது பிரிவும் பசியும் சேர்ந்தே எழுப்பும். கிரெச்சிலோ ஆயாவிடமோ "சாப்பிட்டாளா?" என்று கேட்டால் "சாப்பிட்டா" என்றுதான் பதில் வரும். எத்தனை மில்லி, எந்நேரம், கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். ஒன்பது மாதத்தில் தாய்ப்பாலோடு ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை திட உணவு போக வேண்டும். பருப்புச் சாதத்தில் நெய், மசித்த முட்டை, கேழ்வரகுக் கூழ் என்று பகல் கனமானால் இரவுக் கணக்கு தானாகக் குறையும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிரிவுக்கான பழக்கத்தை மாற்றும் அதே இரண்டு வாரத்தில் இரவுப் பாலை முழுதாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளையை வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடுவது மந்தமாக இருக்கும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம்.

இரவு வேலை பகலில் தொடங்குகிறது

போனவர் வருவார் என்பதைக் குழந்தைக்கு வார்த்தையால் புரியவைக்க முடியாது. திரும்பத் திரும்ப நடந்தால்தான் புரியும். "காணோம் காணோம்... இதோ!" விளையாட்டுக்கு இந்த வயதில் இவ்வளவு மவுசு இருப்பது சும்மா இல்லை. முதலில் உங்கள் முகத்தை மூடுங்கள். ரெண்டு மூன்று நாள் கழித்து, குழந்தையே இழுக்கும்படி துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கதவுக்குப் பின்னால் போய் வாருங்கள். அதற்கு அடுத்தது, ஹாலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது "அம்மா தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பத்து விநாடி போய், "வந்துட்டேன்" என்று அதே குரலில் திரும்புவது. பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம். அழுகை வெடித்த பிறகு வருவதைவிட, வெடிக்கும் முன் வருவதுதான் பாடம். தூரத்தைக் கூட்டுவதில் அவசரப்பட்டு நாலு நிமிடம் போய், அவள் மூச்சு முட்ட அழுதபின் ஓடிவந்தால், அன்றைய பயிற்சி தலைகீழாகிவிடும்.

காலையில் கிளம்பும்போது டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள். கிரெச் வாசலில் ஒரே வாக்கியம், ஒரு முத்தம், திரும்பிப் பார்க்காமல் நடை. பத்து நிமிடம் நின்று சமாதானப்படுத்தினால் அழுகையும் பத்து நிமிடம் நீளும். "அழுவா, அவ பார்க்காதப்ப போயிடுங்க" என்று ஆயா நல்ல மனசோடுதான் சொல்வார். கேட்காதீர்கள். அன்று காலை அழுகை மிச்சமாகும், ஆனால் இரவில் அது வட்டியோடு வரும். 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் கிரெச் வசதி செய்து தர வேண்டும், அம்மா நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படிப் போகிறவர்களும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே கிளம்ப வேண்டும். ஜன்னல் வழியே ஒளிந்து பார்ப்பது மாட்டிக்கொண்டால் பெரிய ரகளை.

மாலையில் ரிங் ரோடு நெரிசலைத் தாண்டி 7.15க்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேரே குக்கரைப் பார்க்கப் போவதுதான் வழக்கம். முதல் இருபது நிமிடம் ஃபோனைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். அவள் மடியில் ஏறி, இறங்கி, ரெண்டு அடி தவழ்ந்து போய், திரும்பி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி போவாள். அந்தப் போய்வரும் வேலையை அவளே செய்து முடித்துவிட்டால் படுக்கும் நேரத்தில் ஒட்டிக்கொள்வது குறைகிறது. சாதம் அரை மணி தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொரு சின்ன விஷயம், பல வீடுகளில் இரவைக் கெடுப்பது இதுதான்: கிரெச்சிலிருந்து வரும் ஆட்டோவில் 6.45க்குப் பதினைந்து நிமிடம் கண்ணயர்ந்துவிடுவது. இந்த வயதுக்குப் பகலில் இரண்டு தூக்கம் போதும். கடைசித் தூக்கம் முடிந்து மூன்று, மூன்றரை மணி நேரம் விழித்திருந்தால்தான் இரவுத் தூக்கம் இயல்பாக வரும். பதினைந்து நிமிடக் கோழித்தூக்கம் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். 8.30க்குத் தூக்கமும் வராது, களைப்பும் போகாது. அந்த நிலையில் வரும் பிரிவு அழுகைதான் அடக்கவே முடியாத அழுகை. ஆட்டோவில் பாட்டோ, கையில் ஒரு பொம்மையோ கொடுத்து விழிக்கவையுங்கள். மீறித் தூங்கிவிட்டால் அன்று படுக்கும் நேரத்தை முக்கால் மணி தள்ளிப்போடுங்கள். வெளிநாட்டு ஆப் ஒன்று 7 மணிக்குப் படுக்கவைக்கச் சொல்லும். 7.15க்கு அம்மா வரும் வீட்டில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். 8.30 என்பது நல்ல நேரம்தான். அதைத் தினமும் கால் மணிக்குள் காப்பாற்றினால் சரி.

படுக்கும் அரை மணி நேரம்

மாரத்தஹள்ளி வீட்டுக்குத் திரும்புவோம். இவர்கள் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை, வரிசையைத்தான். முன்பு குளியல், விளையாட்டு, பாட்டியோடு வீடியோ கால், கடைசியில் பால், தூக்கம். புதிய வரிசையில் 7.50க்குப் பால், அதுவும் ஹால் விளக்கு வெளிச்சத்தில், கண் சொக்காமல். 8.05க்கு வெந்நீரில் துடைத்து உடை மாற்றுவது. 8.15க்கு அறைக்குள் போய், திரையை இழுத்து, பொம்மைகளுக்கு ஒரே வரியில் குட்நைட். பிறகு தோளில் வைத்து ஒரு தாலாட்டு, தினமும் அதே பாட்டு. 8.25க்கு, கண் திறந்திருக்கும்போதே மெத்தையில்.

வீடியோ கால் ஏன் போனது என்று பாட்டி வருத்தப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம் கூட இருந்துவிட்டுப் போனவர் அவர். ஆனால் படுக்கும் முன் அன்பான முகம் ஒன்று ஒளிர்ந்துவிட்டு டப்பென்று மறைவது ஒன்பது மாதக் குழந்தைக்கு இன்னொரு பிரிவு. கால் முடிந்ததும் பாப்பா ஃபோனைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பாள். அதை மாலைக்கோ காலை டிபன் நேரத்துக்கோ மாற்றிவிட்டால் பாட்டிக்கும் நல்ல சிரிப்பு கிடைக்கும்.

கண் திறந்த குழந்தையை மெத்தையில் விட்டால் முதல் நாள் அழத்தான் செய்வாள். அறையை விட்டு வராமல், மெத்தையை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, முதுகில் கை வைத்து அதே பாட்டை முணுமுணுக்க வேண்டும். அழுகை ஏறினால் தூக்கி, அடங்கியதும் தூங்கும் முன்பே மறுபடி படுக்கவைக்க வேண்டும். முதல் இரவு இது 50 நிமிடம் இழுத்தாலும் திகைக்காதீர்கள். முதல் மூன்று இரவு கை முதுகில். நாலாவது இரவிலிருந்து கையை எடுத்துவிட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் உட்காருவது. ஏழாவது இரவிலிருந்து அறையின் நடுவில். பத்தாவது வாக்கில் கதவருகே, அவள் தலையைத் தூக்கினால் தெரியும்படி. கடைசியாக, "அம்மா தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பகலில் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லி அரை நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு ரெண்டு நிமிடம், ஐந்து நிமிடம். ஒருநாள் நீங்கள் திரும்பும்போது தூங்கியிருப்பாள். ஆனால் நீங்கள் போனது அவளுக்குத் தெரியும், 8.55க்கு நழுவியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அறையிலேயே இருந்து மெல்ல விலகும் இந்த முறையும், இடைவெளி விட்டு விட்டுப் போய்ச் சமாதானம் செய்யும் முறையும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எட்டு மாத வாக்கில் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுத்தரப்பட்டன. அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தார்கள். மனநலத்திலோ பெற்றோரோடு உள்ள உறவிலோ மற்ற குழந்தைகளிடமிருந்து வித்தியாசம் தெரியவில்லை என்று 2012இல் எழுதினார்கள். கதவைப் பூட்டி அழவிடும் முறையை நான் இந்த மாதத்தில் பரிந்துரைக்கமாட்டேன். ஃப்ளாட் சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டுக் கதவுத் தட்டல் மூன்றாவது நிமிடமே வரும், பெற்றோர் பாதியில் உடைந்துபோவார்கள். பாதியில் உடைவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம்.

நம் வீடுகளில் அம்மாவும் குழந்தையும் பக்கத்தில் படுப்பதுதான் வழக்கம், அதை மாற்றியாக வேண்டும் என்றில்லை. பாதுகாப்பானது ஒரே அறை, தனி மெத்தை. கெட்டியான சின்ன மெத்தையை உங்கள் மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் போடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே தலை சிக்கும் சந்து இருக்கக்கூடாது. ஒரு வயதுவரை தலையணை, ரஜாய், பொம்மை எதுவும் அதில் வேண்டாம். அம்மா வாசனைக்காகத் துப்பட்டாவையோ சேலைத் துண்டையோ பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். முகத்தில் சுற்றும் ஆபத்து இருப்பதால் அதுவும் ஒரு வயதுக்குப் பிறகுதான். பெங்களூர் டிசம்பர் குளிருக்குப் போர்வை வேண்டாம், உள்ளே ஒரு பருத்தி உடுப்பும் மேலே முழுக்கை, முழுக்கால் உடுப்புமே போதும்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டினால் தூங்குகிறாள் என்று இந்தப் பிரச்சினைக்கு எல்லோரும் திரும்பும் இடம் அது. ஆனால் எழுந்து உட்காரவும் பிடித்து நிற்கவும் தெரிந்த குழந்தை தூளியில் விழித்தால் முதலில் செய்வது எட்டிப்பார்ப்பது. அங்கிருந்து விழுவதற்கும் துணியில் கழுத்து மாட்டுவதற்கும் ஒரு நிமிடம் போதும். ஒன்பது மாதத்தில் தூளியைக் கழற்றிவிடுங்கள்.

நடுராத்திரி

இரவு விழிப்பில் விதி ஒன்றுதான்: 8.25க்கு என்ன நடந்ததோ அதுவே 2 மணிக்கும். அதே இடம், அதே பாட்டு, அதே முணுமுணுப்பு. சிணுங்கியதும் பாயாதீர்கள், ஒரு நிமிடம் காது கொடுங்கள். பாதித் தூக்கத்தில் முனகிவிட்டுத் தானே புரண்டு படுப்பதை நாமே தூக்கி முழு விழிப்பாக்கிவிடுவது உண்டு. முனகல் அழைப்பாக மாறினால் போங்கள். ஃபோன் டார்ச் வேண்டாம், மங்கிய மஞ்சள் விளக்கு போதும்.

இந்த மாதத்துக்கே உரிய வேடிக்கை ஒன்று உண்டு. பாதித் தூக்கத்தில் எழுந்து தொட்டில் கம்பியையோ ஜன்னல் கம்பியையோ பிடித்து நின்றுவிடுவாள், ஆனால் மறுபடி உட்காரத் தெரியாது. முழங்கால் விறைத்து, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுவாள். இருபது முறை படுக்கவைத்தால் இருபது முறை எழுந்து நிற்பாள், அது விளையாட்டாகிவிடும். ஒரு முறை, ரெண்டு முறை படுக்கவைத்துவிட்டு நீங்கள் தரையோடு தாழ்ந்து படுத்துவிடுங்கள். முகத்தைத் தேடி அவளும் இறங்கி வருவாள். இறங்கும் வித்தையைப் பகலில் கற்றுத்தர வேண்டும்: சோபாவைப் பிடித்து நிற்கும்போது காலடியில் பிடித்த பொம்மையை வைத்து, முழங்காலை மெல்ல மடக்கி உட்காரவைப்பது, தினம் பத்து முறை. பல குழந்தைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பாவைக் கண்டு ஏறும் அழுகையை அப்பாக்கள் மனசில் எடுத்துக்கொள்கிறார்கள். அது வெறுப்பு இல்லை. விழித்ததும் ஒரு முகத்தை எதிர்பார்த்து வேறொன்று வந்த ஏமாற்றம். ஆனால் அப்பாவை நள்ளிரவில் முதல்முறையாகக் களமிறக்காதீர்கள். முதல் வாரம் மாலை உடை மாற்றுவதும் பாட்டும் அப்பா, அம்மா அதே அறையில். அடுத்த வாரம் படுக்கவைப்பதும் அப்பா. அதற்குப் பிறகுதான் இரவின் முதல் விழிப்பு. அப்பாவின் பாட்டு அம்மாவின் பாட்டாக இருக்க வேண்டியதில்லை. பகலில் தூங்கவைக்கும் கன்னட ஆயா "ஜோ ஜோ" என்பார், அம்மா "ஆராரோ" என்பார், குழந்தை ரெண்டையும் ஆளோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரே ஆள் தினம் ஒரு விதமாகச் செய்வதுதான் குழப்பும். அப்பா போவது என்று முடிவானால் அம்மா கடைசிவரை உள்ளே வரக்கூடாது. இருபது நிமிடம் அப்பா போராடிய பிறகு அம்மா வந்தால், இருபது நிமிடம் அழுதால் அம்மா வருவாள் என்றுதான் கணக்கு பதியும். முடியாது என்று தோன்றினால் முதலிலேயே அம்மா போய்விடுவது மேல்.

அந்த 9 மணி மீட்டிங்கையும் கவனியுங்கள். கதவுக்கு அப்பால் அம்மாவின் குரல் மட்டும் கேட்டு ஆள் வராமல் இருப்பது, குரலே கேட்காததைவிடக் குழந்தையைப் பதற வைக்கும். மீட்டிங்கைத் தூரத்து அறைக்கு மாற்றி, படுக்கையறையில் ஃபேனை ஓடவிடுங்கள். தாழ்ப்பாள் கிளிக் சத்தத்துக்கு விழிக்கிறாள் என்றால் கதவை ஒருக்களித்துவிட்டுக் கீலுக்கு எண்ணெய் விடுங்கள்.

இந்த வீட்டுக் கணக்கு இப்படிப் போகும். முதல் நாலு இரவு முன்பைவிட மோசம். ஆறாம் இரவில் 9.40 விழிப்பு வெறும் முனகலாகும். பதினோராம் நாள் சளி பிடிக்கும், மூக்கடைப்பில் எல்லாம் பழைய இடத்துக்குப் போகும். அந்த மூன்று நாளும் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு அணைத்துக்கொண்டே இருப்பதுதான் சரி. சரியான பிறகு முதல் படியிலிருந்து அல்ல, கைக்கு எட்டும் தூரத்தில் உட்காரும் படியிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றரை வாரத்தில் 1.30 வாக்கில் ஒரு பால், எப்போதாவது 4 மணிக்கு ஒரு சிணுங்கல் என்று நிற்கும். அதற்குக் கீழே இறக்க இந்த வயதில் முயல வேண்டாம். ஒன்றரை வயதை ஒட்டி இதே அழுகை இன்னொரு முறை வந்துபோகவும் கூடும்.

இதே வாரங்களில் கிரெச் மாற்றுவது, தனி அறைக்கு மாற்றுவது, தாய்ப்பாலை நிறுத்துவது என எதையும் சேர்க்காதீர்கள். தூங்கவைக்க இருமல் சிரப்பையோ சளி மருந்தையோ கொடுப்பது ஆபத்து. பல்லுக்கென்று இரவுதோறும் பாராசிட்டமால் கொடுப்பதும் தவறு. காய்ச்சல், காதை இழுத்துக்கொண்டு அழுவது, நனையும் டயப்பர் எண்ணிக்கை குறைவது, தூக்கத்தில் பலமான குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். யார் போனாலும் வந்தாலும் குழந்தை கண்டுகொள்ளவே இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலும் காட்டியாக வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் புது வீடு, பத்து முகம், எல்லார் கையிலும் மாறி மாறிப் போகும் பாப்பா. அங்கே அந்தத் தாலாட்டையும் படுக்கும் நேரத்தையும் மட்டும் காப்பாற்றுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். முதல் இரவு பாட்டியோடு படுக்கட்டும் என்று சொல்வார்கள். மூன்றாம் நாள் பகல் தூக்கத்தை முதலில் பாட்டியிடம் கொடுங்கள், "அம்மா கடைக்குப் போயிட்டு வரேன்" என்று பாப்பா விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டு, அவள் எழுவதற்குள் வந்து உட்கார்ந்திருங்கள்.